ஞாயிற்றுக்கிழமை மாத்திரைப் பெட்டி

வயதான பெற்றோரின் மாத்திரைகளை ஞாயிறுதோறும் நிரப்பும் வாரப் பெட்டியில் ஒழுங்காக வைப்பது எப்படி என்று பிள்ளைகளுக்காக ஒரு கரோசல் செய்தேன். ஃபோனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் எட்டுப் படங்கள். மருந்துக் கடையில் நின்று பேசிப் பழகியவனுக்கு, ஒரு படத்துக்கு இரண்டு வரி என்பது பெரிய தண்டனைதான்.

முதல் படத்தில் பெட்டியே வராது. வீட்டில் கிடக்கும் அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பி, கடைசியாக எழுதிய மருந்துச் சீட்டோடு ஒப்பிடச் சொல்கிறது அது. அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடியாக அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படிக்க வேண்டும். ஒரு அட்டையில் டெல்மிசார்ட்டன் தனியாகவும், இன்னொன்றில் அதுவே அம்லோடிபினோடு சேர்ந்தும் இருக்கும். இரண்டு டாக்டர்கள் எழுதியிருந்தால், வீட்டில் இரண்டையும் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

பெட்டியில் போடக் கூடாதவற்றுக்குத் தனிப் படம் கொடுத்தேன். வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அது அட்டையிலேயே இருக்கட்டும். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடுவது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த அட்டையில் கிழமையை எழுதித் தனியே வையுங்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது, மாத்திரை தீருமுன் வாங்குவதற்கான படம். 'மாதம் ஒருமுறை' என்று ஃபோனில் நினைவூட்டல் வைப்பதுதான் வழக்கம். ஆனால் மாத்திரைகள் ஒன்றாகத் தீருவதில்லை. அம்மாவுக்கு மெட்ஃபார்மின் காலையும் இரவும், அம்லோடிபின் காலையில் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் 30 வாங்குகிறீர்கள். மெட்ஃபார்மின் வாரத்துக்கு 14 போகும். இரண்டாவது ஞாயிறு பெட்டியை நிரப்பியதும் கையில் 2 தான் மிச்சம். அம்லோடிபின் வாரத்துக்கு 7 தான். நான்காவது ஞாயிறுக்குப் பிறகுதான் அது 2 ஆகும். மாதக் கணக்கு பார்த்தால் சர்க்கரை மாத்திரை பாதியிலேயே தீர்ந்துவிடும்.

அதனால் தேதியைக் கேட்காமல் மிச்சத்தை எண்ணச் சொன்னேன். ஞாயிறு மாலை பெட்டியை நிரப்பியதும், ஒவ்வொரு மாத்திரையும் இன்னொரு வாரத்துக்கு வருமா என்று பாருங்கள். வராததை அந்த வாரமே வாங்க வேண்டும். நினைவூட்டல் வாரம் ஒருமுறை, கடைக்குப் போகிறவரின் ஃபோனில் அடிக்கட்டும். அம்மாவின் ஃபோனில் அடித்து என்ன பயன்?

கடைசிப் படம் பெட்டியின் எல்லையைப் பற்றியது. காலியான அறை மாத்திரை வெளியே வந்ததைத்தான் காட்டும், விழுங்கியதைக் காட்டாது. நேற்றைய அறை நிறைந்தே இருந்தால், இன்றையதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். டாக்டரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். டாக்டர் அளவை மாற்றினால், ஞாயிறு வரை காத்திருக்காமல் அன்றே பெட்டியைக் கொட்டி, புதுச் சீட்டைப் பார்த்து மறுபடி நிரப்புங்கள்.