"மாமா, அந்த y எங்கேர்ந்து வந்துச்சு?"

கணக்குன்னா காத தூரம் ஓடுறவங்க இந்தப் பதிவை விட்டு இப்பவே எஸ்கேப் ஆயிடலாம். கோவிச்சுக்க மாட்டேன். மத்தவங்க ஒரு பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கிட்டு வாங்க, படம் போட வேண்டியிருக்கு.

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் இன்ஜினியரிங் முதல் வருஷம். மறுநாள் அவனுக்குக் கணக்கு டெஸ்ட். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல்னு ஒரு வெட்டு வெட்டிட்டு அப்படியே சாயலாம்னு பார்த்தா, நோட்டோட வந்து நிக்கிறான். "மாமா, இது ஒண்ணு மட்டும்."

```
∫[x: 0 → ∞] ∫[y: x → ∞] (e^(-y) / y) dy dx
```

பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் கணக்குப் பேப்பர் எழுதின யாருக்கும் இது பழைய சிநேகிதன்தான். 'சேஞ்ச் தி ஆர்டர் ஆஃப் இன்டெக்ரேஷன்'னு கேப்பாங்க. விடை 1. விடையைக் கூட மனப்பாடமா வச்சிருந்த கோஷ்டி நாங்க. "விடை 1 டா"ன்னு கெத்தா சொன்னேன். "விடை பின்னாடியே இருக்கு மாமா. எப்படின்னுதான் கேக்கறேன்"னான். வேணும் எனக்கு!

பையன் முதல்ல நேரடியாவே மோதிப் பார்த்திருக்கான். உள்ளே இருக்கற இன்டெக்ரல் y-க்கு. அதை 'பை பார்ட்ஸ்' போட்டான். கீழே இருந்த y, y² ஆச்சு. மறுபடி போட்டான், y³ ஆச்சு. மாத்திப் போட்டா log y வந்து உக்காந்துக்குது. ரெண்டு பக்கம் வீணாப் போச்சு. அவன் மேல தப்பில்லை. e^(-y)/y-ஐ இன்டெக்ரேட் பண்ணா வர்றதை நமக்குத் தெரிஞ்ச பல்லுறுப்புக்கோவை, எக்ஸ்பொனென்ஷியல், லாக், சைன், காஸ் இதையெல்லாம் சேர்த்து எப்படி எழுதினாலும் எழுத முடியாது. நமக்கு வரலைங்கறது இல்லை, யாருக்குமே வராது. 1830-கள்லயே லியூவில்ங்கற பிரெஞ்சுக்காரர் இந்த மாதிரி இன்டெக்ரல்களை ஆராய்ஞ்சு நிரூபிச்சு வச்சுட்டுப் போயிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் வேலை படம். x படுக்கையா, y நிமிர்ந்து. y = x-ங்கற 45 டிகிரி கோட்டைப் போடுங்க. கணக்குல என்ன சொல்லியிருக்கு? ஒரு x-ஐ எடுத்துக்கோ, அந்தக் கோட்டுலேர்ந்து கிளம்பி மேலே போய்க்கிட்டே இரு. அப்படின்னா நம்ம இடம் கோட்டுக்கு மேலே, y அச்சு வரைக்கும் இருக்கற ஆப்பு மாதிரியான துண்டு. அதை நெட்டுக்குத்தா ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பா அறுத்திருக்காங்க.

இப்ப அதே துண்டைப் படுக்கையா அறுக்கலாம். y உயரத்துல ஒரு ஸ்ட்ரிப். இடது முனை y அச்சு, அதாவது x = 0. வலது முனை அந்தக் கோடு, அதாவது x = y. இப்படி ஸ்ட்ரிப்புகள் கீழே 0-லேர்ந்து மேலே போய்க்கிட்டே இருக்கு.

```
∫[y: 0 → ∞] ∫[x: 0 → y] (e^(-y) / y) dx dy
= ∫[y: 0 → ∞] (e^(-y) / y) · y dy
= ∫[y: 0 → ∞] e^(-y) dy
= 1
```

முடிஞ்சது, போய் தூங்கலாம்னு எழுந்தேன். அப்பத்தான் கேட்டான் பாருங்க: "மாமா, கீழே இருந்த y-ஐ வெட்டறதுக்கு மேலே ஒரு y எங்கேர்ந்து வந்துச்சு?"

பேய்முழி முழிச்சேன். 'x-ஐ இன்டெக்ரேட் பண்ணா லிமிட் போட்டு y வரும்'னு சொல்லலாம். ஆனா அவன் கேட்டது அது இல்லையே. மறுபடி படத்தைப் பார்த்தேன். e^(-y)/y-ல x-ஏ கிடையாது. அதனால ஒரு படுக்கை ஸ்ட்ரிப்புல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே மதிப்புதான். அந்த மதிப்பை ஸ்ட்ரிப்போட நீளத்தால பெருக்கினா வேலை முடிஞ்சது. 0-லேர்ந்து y வரைக்கும் போற ஸ்ட்ரிப்போட நீளம் என்ன? y! வந்த அந்த y வேற ஒண்ணுமில்லை, ஸ்ட்ரிப்போட நீளம். இத்தனை வருஷம் கழிச்சு எனக்கே அப்பத்தான் பல்பு எரிஞ்சது.

நான் படிக்கும்போது இதே கணக்குல வாங்கின முட்டை ஞாபகம் வந்தது. ஆர்டரை மாத்துன்னா, ரெண்டு இன்டெக்ரல் குறியையும் லிமிட்டோட தூக்கி இடம் மாத்தி வச்சேன். உள்ளே x 0-லேர்ந்து ∞, வெளியே y x-லேர்ந்து ∞. கண்டுபிடிக்கறது சுலபம்: வெளி லிமிட்டுல x நிக்குது. உள்ளேயே x-ஐ இன்டெக்ரேட் பண்ணி முடிச்சாச்சு, அப்புறம் அது எப்படி உயிரோட இருக்கும்? வெளி லிமிட் ரெண்டும் வெறும் எண்ணா (இல்லாட்டி ∞-ஆ) இல்லேன்னா, படம் போடாம மாத்தியிருக்கோம்னு அர்த்தம்.

பையன் அத்தோட விடலை. "மாமா, x 0-லேர்ந்து இல்லாம 1-லேர்ந்து ஆரம்பிச்சா?" சும்மா அல்வா மாதிரி வரும்னு நினைச்சுப் போட்டேன். ஸ்ட்ரிப் இப்ப 1-லேர்ந்து y வரைக்கும். நீளம் y − 1. y-யும் 1-லேர்ந்துதான் தொடங்குது.

```
∫[y: 1 → ∞] (e^(-y) / y) · (y − 1) dy
= ∫[y: 1 → ∞] e^(-y) dy − ∫[y: 1 → ∞] (e^(-y) / y) dy
```

முதல் துண்டு 1/e, சுமார் 0.368. ரெண்டாவது? எந்தப் பிசாசுக்குப் பயந்து ஓடினோமோ, அதே பிசாசு! அதை எண் கணக்காத்தான் போடணும், சுமார் 0.219. மொத்தம் 0.149 கிட்ட வரும். ஆர்டரை மாத்தினது தப்பே இல்லை, ரெண்டு இன்டெக்ரலும் சமம்தான். ஆனா நீளம் y-ஆ இல்லாததால வெட்டுப்படலை. அதே சமயம் கீழ் லிமிட் x-க்குப் பதிலா 2x-னு இருந்தா, நீளம் y/2, விடை அழகா 1/2. ஆகமொத்தம், ஆர்டரை மாத்தறதுக்கு முன்னாடியே கேட்டுக்க வேண்டிய கேள்வி இதுதான்: எதிர்ப்பக்கமா அறுத்தா ஸ்ட்ரிப்போட நீளம் என்ன, அதைப் பெருக்கினா கணக்கு இளகுமா?

கடைசியா ஒரு சந்தேகம்: இப்படி எப்பவும் மாத்தலாமா? நம்ம கணக்குல e^(-y)/y எங்கேயும் நெகட்டிவ் ஆகாது, அதனால பயமே இல்லை. பிளஸ்ஸும் மைனஸும் கலந்து, எங்கேயாவது எல்லையில்லாமலும் போனா உஷாரா இருக்கணும். (x − y)/(x + y)³-ஐ 0-லேர்ந்து 1 வரைக்குமான சதுரத்துல போட்டுப் பாருங்க. y முதல்லன்னா 1/2, x முதல்லன்னா −1/2. ஆதாரப்புள்ளி கிட்ட பிளஸ் பக்கமும் முடிவிலி, மைனஸ் பக்கமும் முடிவிலி. அதான் கோளாறு.

இதையெல்லாம் சொல்லி முடிக்கறப்ப மணி நாலரை. தூக்கம் போச்சு. அக்கா காபி கொண்டு வந்து, "என்னடா, அவனுக்குச் சொல்லிக் குடுத்தியா?"ன்னா.

"இல்லக்கா, அவன்தான் எனக்கு"ன்னேன். பையன் நோட்டுலேர்ந்து தலையைத் தூக்கவே இல்லை. கீழ் லிமிட்டை x²-னு மாத்திப் போட்டு, ஸ்ட்ரிப்போட நீளம் √y-ன்னு எழுதிக்கிட்டிருந்தான்.

டிஸ்கி: அந்த x² கணக்கையும் போட்டுப் பார்த்தேன். விடை √π வருது. எப்படின்னு பின்னூட்டத்துல சொல்றவங்களுக்கு அக்கா கையால ஒரு காபி.