மடித்து வைத்த வினாத்தாள்

கல்லூரி நூலகத்துக் குறுந்தொகைக்குள் ஒரு பழைய வினாத்தாள் மடித்துக் கிடந்ததென்று முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி எடுத்து வந்தாள். 1999. மடிப்பில் கிழிந்திருந்தது. நான் எழுதிய தேர்வுதான் அது. நான்காம் வினா: 'வெள்ளிவீதியாரின் பாடல்கள் அவர்தம் சொந்தத் துயரின் வெளிப்பாடே என்பதை நிறுவுக.'

"கபிலர் பத்தி கேட்ட மூணாம் கேள்வியில சொந்தத் துயரம்னு எதுவும் இல்லையேம்மா?" என்றாள்.

அந்த நான்காம் வினாவுக்கு ஆறு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அதையே பதினைந்து ஆண்டுகளாக வகுப்பில் சொல்லியும் வந்திருக்கிறேன். அகநானூறு 147இல், ஔவையார் படைத்த தலைவி, வெள்ளிவீதியைப் போலத் தானும் காதலனைத் தேடிப் போக நினைக்கிறாள். அந்த ஒரு குறிப்பை வைத்துத்தான் கணவனைப் பிரிந்து அலைந்தவர் என்றொரு வாழ்க்கையை அவருக்கு எழுதிவிட்டோம். அகநானூறு 45இல் வெள்ளிவீதியாரின் தலைவி ஆதிமந்தியை இதேபோல நினைத்துக்கொள்கிறாள். ஒரு புலவர் இன்னொருத்தியைத் தன் பாட்டுக்குள் அழைத்து வருவதாகவும் இவற்றைப் படிக்கலாம். அப்படிப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

"அவரோட பதின்மூணு பாட்டையும் எடு. ஒவ்வொண்ணும் யார் கூற்றுன்னு பார்த்து எழுதிக்கிட்டு வா" என்று அனுப்பினேன். ஒரு வாரத்தில் பட்டியலோடு வந்தாள். தலைவி கூற்றுகள் இருந்தன. பாலின் உவமை வரும் குறுந்தொகை 27ஐ எல்லோரும் அறிவோம். ஆனால் 44 செவிலி கூற்று. உடன்போன மகளைத் தேடி நடந்து கால் ஓய்ந்து, பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன தாயின் பேச்சு. 58 தலைவன் கூற்று. வெயிலில் காயும் பாறைமேல் வெண்ணெய் உருகுகிறது. கையில்லாத ஊமை ஒருவன் அதைக் கண்ணால் காவல் காக்கிறான். தன் காதல் நோய் அப்படிப் பரவுகிறது என்று இடித்துரைக்கும் நண்பனிடம் ஓர் ஆண் சொல்கிறான். அந்த ஆணை எழுதியவர் வெள்ளிவீதியார்.

"இது யாரோட சொந்தத் துயரம்மா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குறுந்தொகை 25இல் கபிலர் தலைவியாகப் பேசுகிறார். களவு மணத்துக்கு அந்தக் 'கள்வன்' தவிர வேறு சாட்சியில்லை, ஒரு குருகு மட்டும் இருந்தது என்கிறாள் அவள். கபிலர் கைவிடப்பட்டாரா என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. அதைக் கற்பனைத் திறம் என்போம். அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது என்ற தொல்காப்பிய விதி இருவருக்கும் பொதுதானே? வெள்ளிவீதியார் துயரப்படவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாட்டு அதற்குச் சான்றாகாது, அவ்வளவுதான்.

இந்தப் பருவத் தேர்வுக்கு வினாத்தாள் எடுக்கும் முறை எனக்கு வந்தது. குறுந்தொகை 25ஐயும் 58ஐயும் புலவர் பெயரில்லாமல் அச்சிட்டு, கூற்று நிகழ்த்துவோரை எவ்வாறு படைத்திருக்கிறார்கள் என்று ஒப்பிடச் சொன்னேன். பழைய தாளை அவள் திருப்பிக் கேட்டாள். கொடுக்கவில்லை, என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.