8.50-க்கு முன் சென்று சேர வேண்டிய செய்தி

ஹைதராபாத்தின் கிழக்கே நாச்சாரத்தில் குடியிருக்கும் ஓர் ஆய்வு மாணவி, மேற்கே கச்சிபௌலியிலுள்ள ஆய்வகத்துக்கு நாள்தோறும் நகரைக் குறுக்காகக் கடந்து செல்கிறார். நாச்சாரத்திலிருந்து ஹப்சிகூடாவுக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து நீலத்தட மெட்ரோவில் ராய்துர்க், பிறகு மீண்டும் ஓர் ஆட்டோ. மூன்று துண்டுகளாலான பயணம் இது. இவற்றுள் நடுத்துண்டு மட்டுமே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது. ஏறிவிட்டால் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். முதல் துண்டும் கடைசித் துண்டும் சாலைக்குரியவை. சாலை எவருக்கும் வாக்களிப்பதில்லை.

அன்று காலை 9.30 முதல் 10.30 வரை ஃப்ளோ சைட்டோமீட்டர் அவர் பெயரில் முன்பதிவாகியிருந்தது. ஒரு மருந்து புற்றுநோய்ச் செல்களை எந்த அளவுக்குக் கொல்கிறது என்று பார்க்கும் சோதனை. செல்களைத் தயார் செய்து தருவதாக மூத்த ஆய்வாளர் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார். அவரும் தமிழர், மாணவிக்கு ‘அண்ணா’. 8.50-க்குச் செல்களைத் தட்டிலிருந்து பெயர்த்து, கழுவி, 9.10-க்கு அன்னெக்சினும் ப்ரொபிடியம் அயோடைடும் சேர்த்து, கால் மணி நேரம் இருட்டில் வைப்பார். 9.25-க்குச் செல்கள் தயாராகிவிடும். அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கருவியில் படித்துவிட வேண்டும். தாமதித்தால் காத்திருப்பே செல்களைக் கொல்லத் தொடங்கும். இறப்புக்கு மருந்து காரணமா, தாமதம் காரணமா என்று பிரித்தறிய இயலாது போகும்.

8.10-க்கு அவர் வீட்டை விட்டுக் கிளம்பினார். ஆட்டோவுக்குப் பன்னிரண்டு நிமிடம், படியேறி ரயிலுக்குக் காத்திருக்க எட்டு நிமிடம், ரயிலில் நாற்பத்தைந்து, இறங்கிய பின் பதினைந்து. கூட்டினால் சரியாக 9.30. இந்தக் கணக்கின் பிழை கூட்டலில் இல்லை. சாலைக்குரிய இரண்டு எண்களும் மிக நல்ல நாளொன்றின் எண்கள். இரண்டு நல்ல நாள்கள் ஒரே காலையில் அமைந்தால்தான் இந்தக் கூட்டுத்தொகை மெய்யாகும்.

8.35-க்கு ஆட்டோ ஹப்சிகூடா சந்திப்புக்குச் சற்று முன்னால் அசையாமல் நின்றது. அவர் கைப்பேசியை எடுத்து எழுதினார்: “அண்ணா, ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். 10 நிமிஷம் லேட் ஆகும்.”

அந்தப் பத்து எங்கிருந்து வந்தது? எஞ்சிய பயணத்தை அவர் கணக்கிடவில்லை. கணக்கிட்டிருந்தால், 8.45-க்கு ரயிலேறினாலும் 9.30-க்குத்தான் ராய்துர்க், அலுவலக நேரத்தில் கடைசிச் சாலைக்கு அரை மணி, ஆகவே 10.00 என்று அந்த ஆட்டோவிலேயே தெரிந்திருக்கும். பத்து என்பது வருகை நேரம் அன்று. கேட்பவர் முகம் சுளிக்காத அளவுக்கு எவ்வளவு தாமதத்தை ஒப்புக்கொள்ளலாம் என்பதன் அளவு அது.

பத்து நிமிடத் தாமதத்தை அந்தச் சோதனை தாங்கும். எனவே அண்ணா 8.50-க்குச் செல்களைப் பெயர்த்தார். மாணவி 8.46-க்கு ரயிலேறி, 9.31-க்கு ராய்துர்க்கில் இறங்கி, “இதோ வந்துட்டேன்” என்று மற்றொரு செய்தி அனுப்பி, 10.02-க்கு ஆய்வகத்தை அடைந்தார். கருவியைச் சரிபார்த்து முதல் குழாயை வைக்கும்போது 10.27. மருந்தே படாத ஒப்பீட்டுச் செல்களிலும் இறப்பு மிகுந்திருந்தது. ஒப்பீடு பழுதுபட்டால் மற்ற எண்களுக்குப் பொருளில்லை. ஒரு வாரமாக வளர்த்த செல்கள் கழிவுக் குப்பிக்குச் சென்றன. அண்ணா கடிந்துகொள்ளவில்லை. “பத்து மணி ஆகும்னு சொல்லியிருந்தா நான் எடுத்தே இருக்க மாட்டேம்மா” என்று மட்டும் சொன்னார்.

தாமதச் செய்தியின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. செய்திக்கும் ஒரு கெடு உண்டு; அது சந்திப்பின் நேரம் அன்று. காத்திருப்பவர் திரும்பப் பெற முடியாத ஒரு செயலைத் தொடங்கும் நேரமே அது. அன்று அந்தக் கெடு 8.50. செய்தி அதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே சென்று சேர்ந்துவிட்டது. ஆனால் தவறான எண்ணைச் சுமந்து சென்றது. அவசரத்துக்குக் குறைவில்லை, சுருக்கத்துக்கும் குறைவில்லை. மூன்றாவதான உண்மை மட்டும் விடுபட்டுப் போயிற்று.

இது ஒருவரின் குணக்குறை அன்று. 1994-இல் ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய உளவியலாளர்கள், ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயிலிருந்த 37 மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டனர். சராசரி விடை 33.9 நாள்கள். எல்லாமே தவறாக நடந்தால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டனர்: 48.6. உண்மையில் ஆனது 55.5. கெட்ட நாளைக் கற்பனை செய்யச் சொன்னபோதும் மனம் நடந்ததை எட்டவில்லை. அதே ஆய்வில் மற்றொன்றும் தெரிந்தது: பிறருடைய வேலையைக் கணிக்கும்போது மனிதர் அந்த அளவுக்கு நம்பிக்கை வழிய இருப்பதில்லை. எனவே ஆட்டோவில் அமர்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘நான் எப்போது போய்ச் சேருவேன்’ என்பது அன்று. ‘இதே இடத்தில் இதே நேரத்தில் ஒரு தோழி மாட்டிக்கொண்டிருந்தால் எத்தனை மணி என்று சொல்லுவேன்’ என்பதே.

எழுதும் முறையிலும் இரு திருத்தங்கள் தேவைப்பட்டன. முதலாவது, ‘10 நிமிஷம்’ என்பது படிக்கும் கணத்தைப் பொறுத்துப் பொருள் மாறும் சொல். அனுப்பியதிலிருந்தா, படித்ததிலிருந்தா, 9.30-லிருந்தா? கடிகார நேரத்துக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. எப்போது படித்தாலும் 10.05 என்பது 10.05தான். இரண்டாவது, கையுறை அணிந்தவர் கைப்பேசியைத் தொடமாட்டார். பூட்டிய திரையில் தெரியும் முதல் வரியை மட்டும் எட்டிப் பார்ப்பார். மன்னிப்பும் காரணமும் அந்த வரியை நிறைத்துவிட்டால் நேரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஆகவே நேரம் முதலில், அவர் செய்ய வேண்டியது அடுத்து. காரணத்தை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

மூன்று வாரம் கழித்து அதே சோதனை, அதே சந்திப்பு, அதே நெரிசல். 8.32-க்குச் சென்ற செய்தி இது: “அண்ணா, 10.05 ஆகும். செல்லை எடுக்க வேண்டாம். ராய்துர்க் வந்ததும் சொல்றேன்.” அரை மணிக்கு மேல் தாமதம் என்று தாமே எழுதுவது அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. விடை உடனே வந்தது: “சரிம்மா. அடுத்த ஸ்லாட் ஆள்கிட்ட மாத்திக்கிறேன்.”

ராய்துர்க்கிலிருந்து இரண்டாம் செய்தி 9.29-க்குச் சென்றது, ஒரு சாலை மட்டும் எஞ்சியிருந்ததால் இம்முறை கணிப்பும் எளிது: “10.05 தான், மாற்றமில்லை.” அதைப் பார்த்துவிட்டு அண்ணா 9.40-க்குச் செல்களைப் பெயர்த்தார். மாணவி 9.58-க்கு உள்ளே வந்தார். ஏழு நிமிடம் முன்னதாக வந்ததால் எவருக்கும் இழப்பில்லை. கருவியைச் சரிபார்த்து முடிக்கையில் 10.30; செல்கள் தயாராகிக் கால் மணி நேரமே ஆகியிருந்தது. மருந்து படாத செல்கள் இம்முறை உயிரோடு இருந்தன.