பாஸ்புக்கின் மூன்றாவது பத்தி

பி.எஃப். பாஸ்புக்கில் மூன்று பத்திகள் உண்டு. தொழிலாளி பங்கு, நிர்வாகத்தின் பங்கு, பென்ஷன் பங்கு. ஓய்வு பெறப் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்றையும் கூட்டிக்கொண்டுதான் என்னிடம் வருகிறார்கள். கூட்டிய தொகைக்கு வீட்டில் செலவும் பிரித்து வைத்திருப்பார்கள். ஆகவே நான் பேச்சை மூன்றாவது பத்தியிலிருந்தே தொடங்குவேன்.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் தொழிலாளியிடம் பிடிக்கிறார்கள். அது முழுவதும் முதல் பத்திக்குப் போகிறது. நிர்வாகம் போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் மூன்றாவது பத்திக்கும், மிச்சம் இரண்டாவது பத்திக்கும் போகின்றன. பென்ஷன் பங்குக்குச் சம்பள வரம்பு உண்டு. 2014 ஆகஸ்ட் வரை அது 6,500 ரூபாய், செப்டம்பரிலிருந்து 15,000. வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கியவரின் மூன்றாவது பத்தியில் மாதம் 541 என்று வந்துகொண்டிருந்த எண் அந்த ஆண்டு 1,250 ஆக மாறியிருக்கும். நான் முதலில் தேடுவது அந்த மாற்றத்தைத்தான். 1,250 தொடர்ந்து வந்திருந்தால் பென்ஷனுக்கான சம்பளம் உச்ச வரம்பில் இருக்கிறது என்று பொருள்.

முதல் இரண்டு பத்திகளும் வட்டியோடு அவருக்குச் சொந்தம். மூன்றாவது அப்படியல்ல. அது 1995ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்தின் பொது நிதிக்குப் போன பணம். அவர் பெயரில் வட்டி சேராது. அங்கே எவ்வளவு சேர்ந்தது என்பதை வைத்துப் பென்ஷன் கணக்கிடுவதும் இல்லை. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். அதனால் மூன்றாவது பத்தியில் ரூபாயைப் பார்ப்பதைவிட ஆண்டுகளைப் பார்ப்பதே முக்கியம். பத்து ஆண்டு சர்வீஸ் இருந்தால் 58 வயதில் 10-டி படிவம் போட்டு மாதப் பென்ஷன் வாங்கலாம். ஒன்பதரை ஆண்டு இருந்தாலும் பத்தாகவே எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் குறைந்தால் 10-சி படிவம் போட்டு ஒருமுறைத் தொகை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இந்த ஆண்டுக் கணக்கில் எங்கள் தருமபுரி மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பாலக்கோட்டிலும் அரூர் பக்கம் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. வெளி மாவட்ட ஆலைகளுக்கு வேலைக்குப் போனவர்களும் உண்டு. அரவை நடக்கும் மாதங்களில் மட்டும் வேலை பார்க்கும் பருவத் தொழிலாளியின் பாஸ்புக்கில் சில மாதங்கள் நிரம்பியும் பல மாதங்கள் காலியாகவும் கிடக்கும்.

அப்படி ஒருவர் வந்தார். 2006 செப்டம்பரில் சேர்ந்தவர்; 2025 ஆகஸ்டில் 58 நிறைகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் என்று 95 மாதப் பங்குகள் இருந்தன. அதாவது எட்டு ஆண்டுகூட இல்லை. பென்ஷன் பத்தியின் கூட்டுத்தொகை தொண்ணூறாயிரம் சொச்சம். பிரவுசிங் சென்டரில் மாதங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “பென்ஷன் வராதுண்ணா, 10-சி போட்டுடலாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார்.

பென்ஷன் திட்டத்தின் விதி வேறு சொல்கிறது. பருவ வேலையில் இருப்பவர் ஓர் ஆண்டில் சில மாதங்களே வேலை செய்திருந்தாலும் அது முழு ஆண்டாகவே கணக்காகும். அவருடைய சர்வீஸ் எட்டு அல்ல, பத்தொன்பது. இந்தச் சலுகை பருவ வேலைக்கு மட்டும்தான். ஆண்டு முழுவதும் ஓடும் ஆலையில் ஒருவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால், பங்கு இல்லாத அந்த நாட்கள் சர்வீஸில் கழியும். இரண்டும் பாஸ்புக்கில் ஒரே மாதிரி காலி இடமாகத் தெரிவதால்தான் குழப்பம். ஆகவே அவர் பருவத் தொழிலாளிதான், இத்தனை பருவம் வேலை செய்தார் என்று நிர்வாகத்திடம் சான்று வாங்கி 10-டி படிவத்தோடு இணைக்கச் சொன்னேன்.

பிறகு, சம்பள வரம்பு இடையில் மாறியதால் சர்வீஸை இரண்டாகப் பிரித்து, அவர் முன்னாலேயே தாளில் கணக்குப் போட்டேன். 2014 ஆகஸ்ட் வரை எட்டு ஆண்டு: 6,500ஐ எட்டால் பெருக்கி 70ஆல் வகுத்தால் 743 ரூபாய். அதன் பின் பதினோரு ஆண்டு: 15,000 வரம்பில் 2,357. ஆக மாதம் 3,100 ரூபாய். தொண்ணூறாயிரம் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, முப்பது மாதத்துக்குள் அந்தத் தொகை பென்ஷனாக வந்துவிடும், அதன் பின்னும் ஆயுள் முழுக்க வரும், அவருக்குப் பின் மனைவிக்கு அதில் பாதி வரும் என்று விளக்கினேன்.

பத்தொன்பது என்ற எண்ணோடு நான் விட்டுவிடுவதில்லை. இருபது ஆண்டு நிறைந்து 58இல் ஓய்வு பெறுகிறவருக்கு இரண்டு ஆண்டு வெயிட்டேஜ் கூடுதலாகக் கிடைக்கும். “அதுக்கு முன்னாடி எங்கண்ணா வேலை பார்த்தீங்க?” என்று கேட்டேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு வருடம் என்றார். அங்கே பி.எஃப். பிடித்திருக்கிறார்கள், பென்ஷன் பணத்தை அவர் எடுக்கவும் இல்லை. எடுத்திருந்தால் அந்த சர்வீஸ் அத்தோடு தீர்ந்திருக்கும். பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்தால் இருபத்தொன்று, வெயிட்டேஜோடு இருபத்து மூன்று. கணக்கை மாற்றும்போது மூன்றாவது பத்தியில் பூஜ்யம்தான் வரும். பணம் எங்கே என்று பலர் பதறுவார்கள். முதல் இரண்டு பத்திகளின் பணம் இடம் மாறும், பென்ஷனில் சர்வீஸ் விவரம் மட்டுமே மாறும். ஆகவே அங்கே சரிபார்க்க வேண்டியது சேர்ந்த தேதியையும் விலகிய தேதியையும்.

அடுத்து அவர் கேட்டது எல்லோரும் கேட்பதுதான்: “பென்ஷன்ல ஒரு பங்கை மொத்தமா வாங்க முடியாதா?” 2008 செப்டம்பர் வரை அந்த வழி இருந்தது, இப்போது இல்லை. மொத்தமாக வருவது முதல் இரண்டு பத்திகளின் பணம் மட்டுமே. பென்ஷனில் இருக்கும் தேர்வு எப்போது தொடங்குவது என்பதுதான். ஐம்பது வயதிலிருந்தே வாங்கலாம். 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. அறுபது வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். கேட்க நன்றாக இருக்கும் இந்த ஏற்றத்தை நூறு ரூபாயில் போட்டுக் காட்டுவேன். ஓராண்டு தள்ளினால் இழப்பது 1,200 ரூபாய். பிறகு மாதம் 4 ரூபாய் கூடுதலாக வரும். இழந்ததை எடுக்க 300 மாதம், அதாவது 25 ஆண்டு ஆகும். வேறு வருமானம் இல்லாதவர் 58இலேயே வாங்குவதுதான் சரி என்பது என் எண்ணம்.

வரியைப் பற்றிய பயம் பெரிது, விஷயம் சிறிது. ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர் சர்வீஸ் இருந்தால் பி.எஃப். தொகைக்கு வரி இல்லை. மாதப் பென்ஷன் சம்பளமாகக் கருதப்படும். ஆனால் 3,100 வீதம் ஆண்டுக்கு 37,200தான் வருகிறது. புதிய வரி முறையில் நிலைக் கழிவே 75,000. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஓய்வுக்குப் பிறகு பி.எஃப். பணத்தை எடுக்காமல் போட்டு வைத்தால், அந்தக் காலத்து வட்டி வருமானக் கணக்கில் சேரும்.

இவையெல்லாம் ஓய்வுக்கு முந்தைய மாதம் செய்கிற வேலை அல்ல. பிறந்த தேதி ஆதாரோடு பொருந்தாவிட்டாலும், விலகிய தேதி பதியாமல் விடுபட்டிருந்தாலும், திருத்தத்துக்குப் பல நேரங்களில் நிர்வாகத்தின் ஒப்புதல் தேவைப்படும். மூடிப்போன கம்பெனியில் கையெழுத்துப் போட ஆள் கிடைப்பது கடினம். அதனால் 55 வயது ஆனவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: இதுவரை வேலை பார்த்த எல்லா இடங்களையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி, பாஸ்புக்கோடு எடுத்து வாருங்கள். தாளில் இருந்தும் பாஸ்புக்கில் இல்லாத ஒவ்வோர் ஆண்டையும் சேர்க்க அப்போது மூன்று வருட அவகாசம் இருக்கும்.