வடிகட்டிக்குக் கீழே ஒரு சொட்டு

டீசல் காரின் முகப்புப் பலகையில், வடிகட்டியும் அதன் கீழே சில துளிகளுமாக ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. சாவியைத் திருப்பியதும் ஒரு கணம் எரிந்து அணைந்துவிடும். அணையாமல் நின்றால், எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டதென்று பொருள்.

தண்ணீர் டீசலைவிடக் கனமானது; ஆகவே வடிகட்டியின் அடியில் தங்கிவிடும். அங்கே இரண்டு சிறு உலோக முனைகளை வைத்திருக்கிறார்கள். டீசல் மின்சாரத்தைக் கடத்தாது, தண்ணீர் கடத்தும். நீர்மட்டம் முனைகளைத் தொட்டவுடன் விளக்கு எரிகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

நண்பர் ஒருவருடைய காரில் சென்ற ஐப்பசி மழையில் திருச்செந்தூரிலிருந்து மணப்பாட்டுக்குப் போனேன். வழியில் எண்ணெய் போட்டுக்கொண்டோம். ஊரை நெருங்கும்போது, பிரேக் போடுகிறபோதெல்லாம் அந்த விளக்கு மின்னி மின்னி அணைந்தது. தண்ணீர் ஏறக்குறைய முனையளவுக்கு வந்துவிட்டது, வண்டி குலுங்கும்போது தொட்டுவிட்டு இறங்குகிறது என்பதுதான் அதன் அர்த்தம். மணல்மேட்டுக் கோயிலுக்குக் கீழே வண்டியை நிறுத்தினார். அன்றிரவே திருகைத் திறக்கப் போனவரைத் தடுத்தார், வள்ளத்துக்கு டீசல் எஞ்சின் வைத்திருக்கும் ஒரு பெரியவர்.

“இப்பம் தொறக்காதீய அண்ணாச்சி. எஞ்சினு ஓடிக் கலங்கிக் கெடக்கு. ராத்திரி அசையாமக் கெடந்தா தண்ணி கீழ எறங்கிரும். விடியக்காலம், எஞ்சின் போடுததுக்கு முந்தி வடிச்சிருங்க” என்றார். அவருடைய எஞ்சினில் விளக்கு இல்லை. வடிகட்டிக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். தினமும் கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறார்!

காலையில் ஒரு கண்ணாடிக் குப்பியைக் கீழே பிடித்து, வடிகட்டியின் அடித்திருகை மெல்லத் தளர்த்தினோம். (சில கார்களில் இது கைக்கு எட்டாது; சிலவற்றில் திருகே கிடையாது.) முதலில் கலங்கலாக அரை டம்ளர் தண்ணீர் வந்தது. பிறகு தெளிந்த டீசல் வந்ததும் திருகை மூடினோம். உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, மேலிருந்த கைப்பம்பைக் கெட்டிப்படும்வரை அழுத்தினோம். எஞ்சின் கிளம்பியது, விளக்கு அணைந்தது.

இத்தனை அவசரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய டீசல் எஞ்சினின் உயரழுத்தப் பம்புக்கு வேறு மசகெண்ணெய் கிடையாது. டீசலே அதற்கு மசகு. தலைமயிரைவிட நுண்ணிய இடைவெளியில் உராயும் பாகங்களுக்குள் தண்ணீர் புகுந்தால் தேயும், துருப்பிடிக்கும். பம்பையும் இன்ஜெக்டர்களையும் மாற்றுவதென்றால் ஒரு லட்சத்துக்கு மேலும் ஆகலாம்.

கடற்காற்றின் ஈரம் பாதி காலியான டாங்கிக்குள் வியர்த்துச் சொட்டும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது சொற்பம். ஒரே நாளில் அரை டம்ளர் சேருமா? எண்ணெயோடுதான் அது வந்திருக்க வேண்டும்.

அதற்கு அத்தாட்சியும் கிடைத்தது. குலசேகரன்பட்டினம் தாண்டுமுன்னே விளக்கு மறுபடியும் எரிந்தது. நண்பர் எஞ்சினை உடனே நிறுத்தினார், திருகைத் தொடவில்லை. வடிகட்டிக்கு மேலே டாங்கியிலேயே தண்ணீர் இருக்கும்போது, எத்தனை முறை வடித்தாலும் அது நிரம்பிக்கொண்டேதான் இருக்கும். வண்டியைக் கட்டி இழுத்துப் போய், டாங்கியை இறக்கிக் கழுவி, புது வடிகட்டி போட்ட பிறகுதான் மறுபடி சாவியைத் திருப்பினார்.