இரண்டாவது வெடிப்புக்கு முன்

பெரியம்மா எழுதிய ஒரே சிறுகதை இரண்டரைப் பக்கம். வரவுசெலவு நோட்டின் கடைசித் தாள்களில் நீல மையில் எழுதி வைத்திருந்தார். விடியுமுன் விழித்துக்கொள்ளும் ஒரு குழந்தை, கூடத்துத் தூணில் சாய்ந்தபடி, தாத்தா காப்பிக்கொட்டை வறுத்து அரைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கதை அவ்வளவுதான். வீட்டில் முதல் ஆள் எழுந்து கிணற்றடிக்குப் போகிற ராட்டினச் சத்தத்தோடு முடிந்துவிடும். பெரியம்மா காலமான பிறகு நோட்டு என் கைக்கு வந்தது. வீடு கும்பகோணத்து வீடு, காலம் 1950களின் நடுப்பகுதி. இந்த இரண்டில் மட்டும் உறவுக்காரர்கள் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

அச்சுக்குக் கொடுக்கலாம் என்று கதையைத் தட்டச்சு செய்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். தாத்தா வறுக்கிற உருளையைச் சுற்றிக்கொண்டே இருக்கிறார். திடீரென்று நிறுத்துகிறார். காதை உருளைப் பக்கம் சாய்க்கிறார். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. மறுபடி சுற்றுகிறார், மறுபடி நிறுத்துகிறார். வறுக்கிறவர் கண்ணால் பார்க்காமல் எதற்குக் காதை வைக்கிறார்? பெரியம்மா கற்பனையாகச் சேர்த்ததா, நடந்ததா? இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது அந்த வரியினால்தான்.

உருளை மாமா வீட்டுப் பரணில் இருந்தது. பெரியம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவர் மாமா. இரும்புத் தகட்டாலான உருளை, நடுவே ஒரு கம்பி, கம்பியின் முனையில் மரப்பிடி, பக்கவாட்டில் கொட்டையைப் போட்டு எடுக்க ஒரு சிறிய கதவு. குமுட்டி அடுப்பில் கரியை மூட்டி, அதன் மேல் இரண்டு தாங்கிகளில் இதை ஏற்றிச் சுற்ற வேண்டும். கதவை மூடிவிட்டால் உள்ளே எதுவும் தெரியாது. கொட்டையின் நிறத்தைப் பார்க்க வேண்டுமானால் உருளையை இறக்கி, சுடச்சுடக் கதவைத் திறக்க வேண்டும். அதற்குள் சூடு இறங்கிவிடும், வறுவல் கெட்டுவிடும். அதிலும் விடியுமுன், அரிக்கேன் வெளிச்சத்தில், இளம் பழுப்புக்கும் முற்றிய பழுப்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிதில்லை.

கும்பகோணத்தில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை ஒன்றில், இளவயதில் கரி அடுப்பில் வறுத்துப் பழகிய பெரியவர் ஒருவர் இருந்தார். கதையின் அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "எழுதினவங்க யாரோ, விஷயம் தெரிஞ்சவங்க தம்பி," என்றார். "முதல் வெடிப்பு நல்லா கேக்கும். ரெண்டாவதுதான் திருட்டுச் சத்தம். சுத்திக்கிட்டே இருந்தா கொட்டை தகரத்துல உருள்ற சத்தம் அதை அமுக்கிடும். கைய நிறுத்தினாத்தான் காதுக்கு வரும்."

அவர் சொன்னதை வைத்துக்கொண்டு மாமா வீட்டுக் கொல்லையில் கால் கிலோ பச்சைக்கொட்டையை வறுத்துப் பார்த்தேன். பச்சைக்கொட்டையில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஈரம் இருக்கும். முதல் சில நிமிடங்கள் அந்த ஈரம் போவதிலேயே கழிகின்றன. அப்போது வருவது காப்பி மணமே அல்ல, நனைந்த வைக்கோல் வாடை. கொட்டை மஞ்சளாகும்போது அது ரொட்டி சுடும் மணமாக மாறுகிறது. கொட்டையின் சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸை எட்டும்போது, உள்ளே அடைபட்ட நீராவியும் வாயுவும் கொட்டையைப் பிளந்துகொண்டு வெளியேறுகின்றன. அதுதான் முதல் வெடிப்பு. தனித்தனியாக, உரத்து, இடைவெளி விட்டுக் கேட்கும். கொட்டை பெருத்துவிடும், ஆனால் எடை குறையும். பிறகு ஓர் அமைதி. சூடு இன்னும் இருபது, இருபத்தைந்து டிகிரி ஏறினால் இரண்டாவது வெடிப்பு. இது எண்ணெயில் கடுகு பொரிவதுபோல மெல்லியதாக, நெருக்கமாக வரும். இந்தக் கட்டத்தில் கொட்டையின் திசுவே உடைகிறது, உள்ளிருக்கும் எண்ணெய் மேலே கசியத் தொடங்குகிறது. அதைத் தாண்டினால் காப்பியில் கசப்பும் கரிவாடையும்தான் மிஞ்சும். எண்ணெய் வெளியே வந்த கொட்டை டப்பாவில் சீக்கிரம் சிக்கு வாடையும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு வெடிப்புகளுக்கும் நடுவிலுள்ள அந்த அமைதிதான் தாத்தாவின் இடம். இரண்டாவதன் முதல் சத்தம் கேட்டதும் உருளையை இறக்கிவிட வேண்டும். கரி அடுப்பில் அதற்கு ஓரிரு நிமிடங்களே கிடைக்கும். நான் வறுத்தபோது பக்கத்து வீட்டில் பம்பு ஓடியது, தெருவில் இரண்டு சக்கர வண்டிகள் போய்வந்தன. முதல் வெடிப்பு தெளிவாகக் கேட்டது. இரண்டாவது எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியவில்லை. புகை நீலமானதைப் பார்த்துத்தான் இறக்கினேன். கடைப் பெரியவரிடம் கொண்டுபோனபோது ஒரு கொட்டையைக் கடித்துவிட்டு, "கொஞ்சம் தாண்டிட்டீங்க," என்றார்.

வீடு விழிக்குமுன் ஏன் வறுத்தார் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இது. பால்காரர் வருமுன் பொடி தயாராக வேண்டும் என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் கிணற்று ராட்டினம் உருளத் தொடங்கி, பாத்திரம் தேய்க்கிற சத்தமும் குழந்தைகளின் சத்தமும் சேர்ந்துவிட்ட வீட்டில் இரண்டாவது வெடிப்பைப் பிடிக்க முடியாது. இருட்டு அவருக்குத் தடையாக இருக்கவில்லை. நிசப்தம் அவருக்குத் தேவைப்பட்டது.

இறக்கிய பிறகும் வறுவல் நிற்பதில்லை. கொட்டை தன் சூட்டிலேயே உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். கதையில் தாத்தா உடனே முறத்தில் கொட்டிப் புடைக்கிறார். அது சரியான கருவி. புடைக்கப் புடைக்கக் காற்றுப்பட்டுக் கொட்டை ஆறுகிறது, வறுக்கும்போது கழன்ற மெல்லிய தோலும் பறந்துபோகிறது. அந்தத் தோல் பொடியோடு சேர்ந்தால் காப்பியில் ஒரு உமிச்சுவை வரும்.

அடுத்து வந்தது இன்னொரு புதிர். கதையில் தாத்தா வறுத்த கொட்டையை ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, வேறொரு டப்பாவைத் திறந்து அதிலிருந்து எடுத்து அரைக்கிறார். "நேத்து வறுத்ததுதான் இன்னிக்கு" என்று குழந்தையிடம் சொல்கிறார். புதிதாக வறுத்ததை உடனே குடிப்பதுதானே சுவை? கடைப் பெரியவர் எனக்கு இரண்டு ஃபில்டர்களில் டிகாக்ஷன் இறக்கிக் காட்டினார். ஒன்றில் அன்று காலை வறுத்தது, இன்னொன்றில் முந்தின நாள் வறுத்தது. வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு நிறைய அடைந்திருக்கும், முதல் நாளில்தான் அது வேகமாக வெளியேறும். அன்றைய பொடியில் வெந்நீர் ஊற்றியதும் பொடி பொங்கி, மேலே வைத்த வட்டத் தட்டையே தூக்கியது. நீர் பொடிக்குள் சீராக இறங்காமல், வாயு விட்ட வழிகளில் ஓடி இறங்கியது. டிகாக்ஷன் நுரையோடு வந்தது, ஆனால் நீர்த்திருந்தது. முந்தின நாள் பொடி அடங்கி நின்றது. ஏறக்குறைய இருபது நிமிடத்தில் கெட்டியாக இறங்கியது.

இதில் அரவைக்கும் பங்குண்டு. தாத்தாவின் மிஷின் மேசை விளிம்பில் திருகி மாட்டுவது, கைப்பிடியால் சுற்றுவது. உள்ளே இரண்டு பல் தகடுகள், அவற்றின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. டிகாக்ஷன் ஐந்து நிமிடத்தில் மொத்தமும் இறங்கிவிட்டால் அரவை பருமன். ஒரு மணி நேரமாகியும் சொட்டிக்கொண்டிருந்தால் அளவுக்கு மீறி நைஸ். மறுநாள் திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். தினமும் அரைக்கிறவருக்கு நேற்றைய டிகாக்ஷனே இன்றைய அளவைச் சொல்லிவிடும்.

அந்தக் கதையில் இருக்கும் ஒரே உரையாடல் கொட்டையைப் பற்றியது. "இது எந்த ஊர்க் கொட்டை, தாத்தா?" என்று குழந்தை கேட்கிறது. "எல்லா ஊரும் கலந்தது. ஏலத்துல வந்தது." இதை நான் பெரியவர்கள் சும்மா சொல்லும் மழுப்பல் பதில் என்றுதான் நினைத்திருந்தேன். அது வரலாறு. உலகப் போரின்போது, 1942இல் வந்த காப்பிச் சட்டத்தின்படி, தோட்டக்காரர்கள் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்குக் கொடுத்தாக வேண்டும். தாங்களே விற்க முடியாது. குடகு, சிக்மகளூர், நீலகிரி, சேர்வராயன் மலை என்று எங்கே விளைந்தாலும் ரகமும் தரமும் பிரித்துச் சேர்த்து, வாரியம் ஏலத்தில் விடும். 1990களின் தொடக்கத்தில் இந்தக் கட்டு தளர்ந்து, 1996இல் முழுதும் நீங்கியது. ஆகவே 1950களில் கும்பகோணத்தில் காப்பிக்கொட்டை வாங்கியவருக்குத் தோட்டத்தின் பெயர் அநேகமாகத் தெரிந்திருக்காது. 'பிளாண்டேஷன் ஏ' என்றும் 'பீபெரி' என்றும் தரத்தின் பெயர்தான் தெரியும். பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே விளைந்து உருண்டையாகிவிடுவது பீபெரி. கதையில் தாத்தா உருண்டையையும் தட்டையையும் தனித்தனியாக வறுக்கிறார், சேர்த்து அரைக்கிறார். உருண்டை உருளையில் தடையில்லாமல் புரளும், தட்டை சறுக்கும். ஒன்றாகப் போட்டால் ஒன்று முந்திவிடும்.

இவ்வளவையும் சரிபார்த்துக்கொண்டு மாமாவிடம் போனேன். பெரியம்மா குழந்தையாக இருந்தபோதே எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறார் என்று சொன்னேன். மாமா சற்று நேரம் பேசவில்லை.

"தூண் பக்கத்துல உக்காந்திருந்தது அக்கா இல்லடா, நான். அவளுக்கு அனுமதி கிடையாது. பொம்மனாட்டிக் குழந்தை விடியக் கார்த்தால புகையில உக்காரக் கூடாதுன்னு பாட்டி சொல்லிட்டா. அவ உள் ரூம்ல பாட்டி பக்கத்துல படுத்திண்டிருப்பா. முழிச்சுண்டுதான் இருப்பா, எனக்குத் தெரியும்."

கதையை மறுபடி வாசித்தேன். வைக்கோல் வாடை இருக்கிறது, ரொட்டி மணம் இருக்கிறது. உருளை நிற்பது, வெடிப்பு, முறத்தின் சத்தம், டப்பா மூடி இரண்டு முறை திறப்பது, மிஷினில் உருண்டைக் கொட்டை மாட்டிக்கொண்டு நொறுங்குவது எல்லாம் இருக்கின்றன. காப்பிக்கொட்டையின் நிறம் ஓரிடத்திலும் இல்லை. தாத்தா காதைச் சாய்த்த காட்சி மாமா சொல்லிக் கேட்டது. மற்றதெல்லாம் சுவருக்கு அப்பாலிருந்து பெரியம்மாவே கேட்டது, முகர்ந்தது. "பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று அந்தக் குழந்தையைப் பற்றி எழுதியவர், ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் இல்லை.

கதை ஒரு சொல்லும் மாறாமல் அச்சுக்குப் போகிறது. ஆசிரியர் பெயரை மட்டும், பெரியம்மா நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தபடியே முழுப்பெயராகப் போடச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஓர் உருளை கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அதைச் சுற்றியவரை மட்டுமின்றி, அந்த நேரத்தில் உள்ளே படுத்திருந்தவரையும் கேளுங்கள்.