பொருக்குக்கு அடியில் புழு

பயிருக்கு வைத்தியம் சொல்கிற நான், என் வீட்டு மாட்டின் புண்ணில் ஏமாந்துபோனேன்.

போன ஐப்பசியில் முள்கம்பி வேலியில் சிக்கி, எங்கள் கறவை மாட்டின் பின்தொடையில் நாலு விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்துவிட்டது. ரத்தம் நின்றதும் மஞ்சளைக் குழைத்து அப்பிவிட்டு அலுவலகம் கிளம்பிவிட்டேன். மறுநாள் பொருக்குக் கட்டியிருந்தது. ஆறிவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மாடு காலை உதறிக்கொண்டே இருந்தது. திரும்பித் திரும்பிப் புண்ணை நக்கியது. கிட்டே போனால் பிணவாடை. பொருக்கின் ஓரத்தில் சின்ன ஓட்டை, அதிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிந்தது. ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு பொரிந்து, சதையைக் குடைந்து உள்ளே போய்விடும். மேலே காய்ந்தது போலத் தெரியும். உள்ளே குழி பறிக்கும்.

கால்நடை மருத்துவர் வந்தார். பொருக்கை நனைத்து எடுத்தார். டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த காஸ் துணியைக் குழிக்குள் திணித்து, கால் மணி நேரம் விட்டார். மூச்சுமுட்டிப் புழுக்கள் மேலே வந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். ஆழத்தில் இருந்தவை மறுநாளும் வந்தன. புழு தீர்ந்த பிறகு டர்பன்டைன் போடக்கூடாது, புதுச்சதையை அது எரித்துவிடும் என்றார். மண்ணெண்ணெய், பூச்சிமருந்துப் பொடி இவற்றைத் தொடவே கூடாதாம்.

பிறகு தினமும் நான் செய்தது இதுதான். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, இரண்டு டீஸ்பூன் உப்பு கலந்து, குழியின் அடிவரை போகும்படி ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவினேன். சுத்தத் துணியால் ஒற்றி, பொவிடோன் அயோடின் மருந்து வைத்தேன். புண்ணின் மேல் அல்ல, அதைச் சுற்றியுள்ள தோலில், கற்பூரம் கரைத்த வேப்பெண்ணெயைக் காலையும் மாலையும் தடவினேன். ஈ அண்டவில்லை. சாணத்தையும் உடனுக்குடன் அள்ளினேன். புண் அடியிலிருந்து சிவந்த சதை வளர்ந்து மூட, மூன்று வாரம் ஆனது. பாலும் குறைந்தது.

"தையல் போட்டிருக்கலாமே டாக்டர்?" என்று கேட்டேன்.

"அடிபட்ட ஆறு மணி நேரத்துக்குள்ள, மிஞ்சிப்போனா எட்டு மணி நேரத்துக்குள்ள கூப்பிட்டிருந்தா, அன்னைக்கே தச்சிருப்பேன் சார். இப்ப தச்சா சீழை உள்ள வச்சு மூடுற மாதிரி. ரணஜன்னி ஊசியும் அன்னைக்கே போட்டிருக்கணும்" என்றார்.

லேசான சிராய்ப்பை நாமே கழுவி மருந்து போடலாம். தோல் பிளந்து சதை தெரிந்தாலோ, ரத்தம் பீய்ச்சினாலோ, காயம் மடி, காம்பு, மூட்டு, வயிறு இவற்றில் இருந்தாலோ, மஞ்சளை அப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அல்லது 1962-க்குப் பேசுங்கள். ஊசிநூலை எடுத்து நாமே தைப்பது வேண்டாம்.

இப்போதெல்லாம் பொருக்கைப் பார்த்து நான் திருப்திப்படுவதில்லை. குனிந்து மோந்து பார்க்கிறேன்.